வெள்ளச் சேறு வீடியோ: குரல் படத்துக்குள் அடங்கவில்லை

"மழைவெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருக்காரர்கள் சேறு அள்ளும் வீடியோ, 60 விநாடி. பின்னணிக் குரலுக்கு 150 சொல் எழுதினேன், படிக்க மூச்சு வாங்குகிறது. எதை வெட்டுவது?"

கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் வரிகளை முதலில் வெட்டுங்கள். மொத்தம் 80 சொல் போதும். தமிழில் விகுதியெல்லாம் ஒட்டிச் சொல் நீண்டுவிடும், அதனால் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கிலக் கணக்கு இங்கே உதவாது.

பெரும்பாலும் எடிட்டிங்குக்கு முன்பே எழுதியிருப்பீர்கள். "தன்னார்வலர்கள் மண்வெட்டியால் சேற்றை அள்ளுகிறார்கள்" என்பது திரையிலேயே இருக்கிறது. அந்த ஷாட்டுக்கு, "காய்ந்தால் இறுகிவிடும். ஈரத்திலேயே அள்ளணும்" என்று வையுங்கள். ஏன் அவசரம் என்பது அப்போதுதான் புரியும். பிளீச்சிங் பவுடர் ஷாட்டிலும் அப்படித்தான்: "சேறு போன பிறகுதான் இது. சேற்றின் மேல் தூவினால் வீரியம் வீணாகும்."

சரிபார்க்க, ஒலியை அணைத்து வீடியோவை ஓடவிட்டு உரக்கப் படியுங்கள். ஷாட் மாறிய பின்னும் பழைய வரி ஓடினால் அந்த வரி நீளம். மண்வெட்டி தரையில் உரசும் சத்தத்துக்கு மூன்று விநாடி பேசாமல் விடுங்கள், அது அவசியம்.

ஒன்று கவனம்: வெறுங்கையால் பவுடர் தூவும் ஷாட் இருந்தால் அதையே எடுத்துவிடுங்கள். குரலில் எச்சரித்தாலும் பார்ப்பவர்கள் கையைத்தான் பின்பற்றுவார்கள்.