காய்கறி மார்க்கெட் கழிவில் உரம்: முதலில் காய்ந்த சரக்கைச் சேருங்கள்

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எனக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது. மார்க்கெட்டில் கொட்டுகிற காய்கறிக் கழிவைத் தினமும் ஒரு டிராக்டர், சுமார் இரண்டு டன், தோட்டத்தில் இறக்கிக் குவித்து வருகிறேன். ஒரு மாதம் ஆகிவிட்டது. மக்கவில்லை. நாற்றம் தாங்கவில்லை, கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது, பக்கத்துத் தோட்டக்காரர் கிணறு கெட்டுவிடும் என்று சண்டைக்கு வருகிறார். உரக்கடையில் மக்க வைக்கும் நுண்ணுயிர் திரவம் கொடுத்தார்கள். லிட்டர் கணக்கில் ஊற்றியும் பலன் இல்லை. இன்னும் அதிகமாக ஊற்ற வேண்டுமா? அல்லது ஒரு கம்பெனிக்காரர் சொல்கிறபடி கேஸ் பிளாண்ட் போட்டுவிடலாமா? ஒரு வழி சொல்லுங்கள்.
— ஒரு விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: திரவத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அழுகிய முட்டைக்கோஸ் ஒன்றிலேயே கோடிக்கணக்கில் நுண்ணுயிர் இருக்கிறது, உங்கள் குவியலில் அதற்குப் பஞ்சமே இல்லை. காற்றுதான் இல்லை. காற்று போகாத இடத்தில் எந்த நுண்ணுயிரை ஊற்றினாலும் அது செத்துப்போகும், அல்லது நாற்றத்தைக் கூட்டும். காசியாபாத்தில் உள்ள மத்திய அரசின் இயற்கை விவசாய மையம் இதே வேலைக்கான டிகம்போசரை 20 ரூபாய் பாட்டிலாகக் கொடுத்தது. அதை வெல்லத் தண்ணீரில் பெருக்கி வருடக்கணக்கில் பயன்படுத்தலாம். அதற்கும் வழி இல்லையென்றால் டன்னுக்கு ஒரு கூடை புதுச் சாணி கரைத்துத் தெளித்தால் போதும். ஈரக் குவியலைப் பார்த்த பிறகும் லிட்டர் கணக்கில் திரவம் விற்கிற கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, தன் சரக்கைத் தள்ளியிருக்கிறார். "ஏழு நாளில் உரம்" என்று சொல்லி விற்கிறவர்களிடம் நான் எதையும் வாங்க மாட்டேன்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்த இரண்டு டன்னோடு கலக்கக் காய்ந்த சரக்கு எங்கே கிடைக்கும்? மார்க்கெட் கழிவில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். நீங்கள் தினமும் இறக்குகிற இரண்டு டன்னில் 1,800 கிலோ தண்ணீர், 200 கிலோதான் சரக்கு. நல்ல குவியலில் ஈரம் 60, 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடுக்குகளில் தண்ணீர் நிறைந்து காற்றுக்கு வழி அடைபடும். அப்புறம் புளித்து, அழுகி, கறுப்புத் தண்ணீராக வடியும். உங்கள் தோட்டத்தில் நடப்பது இதுதான்.

சரி, எவ்வளவு காய்ந்த சரக்கு வேண்டும்? வந்ததை அப்படியே குவிப்பதாக இருந்தால், ஈரத்தை 65 சதவீதத்துக்கு இறக்க இரண்டு டன்னுக்கு ஒரு டன் காய்ந்த தட்டை தேவைப்படும். தினமும் ஒரு டன் தட்டைக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? முடியாது. இந்த இடத்தில்தான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் குவிப்பதற்கு முன் கழிவை வாட வைத்தால் கணக்கே மாறிவிடும். ஈரம் 90 சதவீதத்திலிருந்து 80க்கு இறங்கினாலே எடை பாதியாகிறது, இரண்டு டன் ஒரு டன் ஆகிறது. அந்த ஒரு டன்னுக்கு 300 கிலோ தட்டை போதும். ஆயிரம் கிலோ தேடவேண்டிய இடத்தில் முந்நூறு! இதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு கூடையில் பத்து கிலோ கழிவை எடை போட்டு, மற்றதோடு சேர்த்து ஓர் ஓரத்தில் பரப்பி வையுங்கள். அது ஐந்து கிலோ ஆனதும் மொத்தச் சரக்கும் குவிக்கத் தயார்.

வாட வைக்க நிழல் விழாத, சற்றே சரிவான களம் வேண்டும். அரை அடிக்கு மேல் கனம் இல்லாமல் பரப்புங்கள். ஒரு நாள் வண்டிக்கு ஒன்று, ஒன்றரை சென்ட் பிடிக்கும், அதனால் நாலு சென்ட் ஒதுக்கினால் மாற்றி மாற்றிப் பரப்பலாம். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். சாயங்காலம் ஒருமுறை முள்கரண்டியால் புரட்டிவிடுங்கள், இல்லையென்றால் அடிப்பக்கம் ஈ முட்டை வைத்துப் புழு வந்துவிடும். முழு முட்டைக்கோஸ், பூசணி, சுரைக்காயை அப்படியே விடாதீர்கள். கோஸின் மேல் இதழ் காகிதம் போலக் காய்ந்திருக்கும். பிளந்து பார்த்தால் உள்ளே அன்று அறுத்ததுபோலப் பச்சையாகவே இருக்கும். பரப்பியதன் மேல் டிராக்டரை இரண்டு முறை ஓட்டினால் எல்லாம் உடைந்துவிடும். தக்காளியை மட்டும் களத்தில் பரப்பாதீர்கள். அது வாடாது, உடைந்து ஒழுகும். தக்காளி மிகுதியாக வருகிற நாளில் அதைத் தனியாகப் பிரித்து, நேரே காய்ந்த தட்டைப் படுகையின் மேல் கொட்டிக் கலந்துவிடுங்கள்.

தட்டைக்கு உங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, பழனி வட்டாரமெல்லாம் மக்காச்சோளம். ஓர் ஏக்கரில் காய்ந்த தட்டை இரண்டு டன்னாவது தேறும். மாட்டுக்கு வேண்டியதை எடுத்தது போக மீதியை ஓரத்தில் போட்டு எரிக்கிறார்கள். கதிரடிக்கிற இடத்தில் மணி உதிர்த்த சக்கை மலையாகக் கிடக்கும், குவியலுக்குள் காற்று இடுக்கு விடுவதற்கு அதைப் போல ஒன்று கிடையாது. உங்கள் கணக்குக்கு மாதம் ஒன்பது டன், அதாவது நாலைந்து ஏக்கர் தட்டை. அறுவடை முடிந்ததும் பேசி வாங்கி, ஒரு கொட்டகையில் அடுக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் களத்தில் எதுவும் வாடாது, அப்போது உங்களைக் காப்பாற்றப் போவது இந்தக் கொட்டகைதான். தட்டையை நாலு விரல் நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். தென்னை நார்க்கழிவு பொடியாக இருப்பதால் ஈரத்தைக் குடிக்குமே தவிர, தானே அடைந்துகொண்டு காற்றை விடாது. அதைக் குவியலின் அடியில் வடிகிற தண்ணீரைக் குடிக்கவும், மேலே போர்த்தவும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கலக்க வேண்டாம்.

குவிப்பது சுலபம். அடியில் ஒரு அடி வெட்டாத தட்டை, அதன் மேல் வாடிய கழிவும் வெட்டிய தட்டையும் கலந்து, சாணிக்கரைசல் தெளித்து, நாலடி உயரம், ஐந்தாறு அடி அகலம். கலந்ததில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரல் இடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். ஒழுகினால் தட்டை போதாது. இரண்டு நாள் சரக்கை ஒரு குவியலாக முடித்து, அடுத்ததைத் தனியே தொடங்குங்கள். தினமும் பழைய குவியலின் மேலேயே கொட்டிக்கொண்டு போனால் எது மக்கியது, எது மக்கவில்லை என்றே தெரியாது.

மூன்றாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது. உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு மூன்று நாள் நின்றால் களை விதை, தக்காளி விதை, பெரும்பாலான நோய்க் கிருமிகள் செத்துப்போகும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வந்து அந்தச் சூட்டில் வேகவேண்டும் என்பதற்காகத்தான் புரட்டுகிறோம். ஐந்தாம் நாள் முதல் புரட்டு, பிறகு வாரம் ஒன்றாக மூன்று நாலு முறை. கம்பி வெதுவெதுப்பாக மட்டும் இருந்து புளித்த வாடையோ அழுகிய முட்டை வாடையோ அடித்தால் ஈரம் அதிகம், பிரித்துத் தட்டை சேருங்கள். மூக்கை அரிக்கிற அமோனியா வாடை வந்தால் தழைச்சத்து வீணாகிக் காற்றில் போகிறது, அதற்கும் தட்டைதான் மருந்து. சூடும் இல்லை, வாடையும் இல்லை, உள்ளே காய்ந்து கிடக்கிறது என்றால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள்.

இரண்டு மாதத்தில் உரம் தயார். எவ்வளவு தேறும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளின் இரண்டு டன் கழிவும் 300 கிலோ தட்டையும் சேர்ந்து கடைசியில் 350 கிலோ உரம் தந்தால் அது நல்ல வேலை. டன் கணக்கில் எதிர்பார்த்து ஆள் கூலியும் டீசலும் கணக்குப் போடாதீர்கள். அந்த உரத்தையும் தக்காளி, கத்தரி வயலுக்குப் போடாமல் தென்னைக்கும் முருங்கைக்கும் போடுங்கள். குவியலின் மூலைமுடுக்கெல்லாம் சூடு ஏறியதா என்று உறுதி சொல்ல முடியாது, வாடல் நோய்க் கிருமி தப்பியிருந்தால் அதே குடும்பப் பயிரில்தான் போய் உட்காரும்.

கேஸ் பிளாண்ட் பற்றி. ஐதராபாத் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் தினம் பத்து டன் கழிவில் சுமார் 500 யூனிட் மின்சாரமும், கேன்டீன் அடுப்புக்கு 30 கிலோ எரிவாயுவும் எடுத்தார்கள். பிரதமர் 2021 ஜனவரி வானொலி உரையில் குறிப்பிட்டது அதைத்தான். நல்ல திட்டம். ஆனால் அங்கே கழிவும், கரண்டும், அடுப்பும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. உங்கள் இரண்டு டன்னில் நாளுக்கு 80 கன மீட்டர் போல வாயு வரும். சிலிண்டர் கணக்கில் இரண்டரை. தோட்டத்தில் அதை எதில் எரிப்பீர்கள்? கம்பெனிக்காரர் சொல்லாமல் விடுவது இன்னொன்று: வாயு போனதும் கழிவு மறைந்துவிடாது. உள்ளே போன தண்ணீர் அவ்வளவும் கழிவுக்கூழாகத் தினமும் வெளியே வரும், அதை வாங்கிப் பாய்ச்ச நிலம் வேண்டும். காய்கறி மட்டும் போட்டால் சீக்கிரம் புளித்து அமிலம் ஏறி, வாயு வந்தும் தீப்பிடிக்காது. சாணி கூடவே போக வேண்டும். கோஸ், முள்ளங்கி, வெங்காயத்தில் கந்தகம் உண்டு, அந்த வாயு வடிகட்டாமல் போனால் ஜெனரேட்டரை அரித்துவிடும். பிளாண்ட் மார்க்கெட்டுக்குள் நகராட்சி போட வேண்டியது. நீங்கள் கடன் வாங்கிப் போடாதீர்கள்.

இப்போது அவசரம் அந்தக் கறுப்புத் தண்ணீர். இன்றே குவியலைச் சுற்றி ஒரு அடிக்கு மண் வரப்பு கட்டி, தாழ்ந்த பக்கம் குழி எடுத்துத் தார்ப்பாய் விரித்துத் தண்ணீரைப் பிடியுங்கள். அதைப் புதிய குவியல் போடும்போது தட்டை மேல் தெளித்துவிடலாம். பழைய குவியலை ஒரே நாளில் கிளறினால் ஊரே நாறும். மேலே நாலு விரல் கனத்துக்கு நார்க்கழிவு போர்த்திவிட்டு, ஓரத்திலிருந்து தினம் கொஞ்சமாக வெட்டி எடுத்து, அள்ளிய அளவுக்குச் சமமாகத் தட்டை கலந்து புதிய குவியலாகப் போடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரை வரச்சொல்லி, வரப்பையும் குழியையும் காட்டிப் பேசுங்கள்.

பழையது தீரும்வரை மார்க்கெட் வண்டியை நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது கடைக்காரர்களிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: பிளாஸ்டிக் சாக்கு, வலைப்பை, கட்டுக்கயிறு, ரப்பர் பேண்ட் எதுவும் வண்டியில் ஏறக் கூடாது. மக்கிய உரத்திலிருந்து ரப்பர் பேண்ட் பொறுக்குவது ஆகிற காரியமில்லை, ஏற்றுகிற இடத்திலேயே ஒரு ஆளை நிறுத்திப் பிரிக்க வேண்டும். அதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால், ஒப்புக்கொள்கிற நாலைந்து கடைகளின் கழிவை மட்டும் வாங்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு டன் வந்தாலும் போதும். கொட்டகையில் எவ்வளவு தட்டை இருக்கிறதோ, அதற்குத் தக்க வண்டி வரட்டும்.