நாஸ்கா கோடுகள் மாதிரி: மணலைக் கீறாதீங்க, கல்லை அகற்றுங்க

"பள்ளிக் கண்காட்சிக்கு நாஸ்கா தேன்சிட்டை மணல்ல விரலால வரையுறோம். உருவம் கோணலாகுது, காத்துல அழிஞ்சும் போகுது. நிஜத்துல எப்படி நிலைச்சுது?"

நாஸ்கா கோடுகள், பழங்கால மக்கள் பெரு நாட்டுப் பாலைவனத் தரையில் வரைந்த பிரம்மாண்ட உருவங்கள். அங்கே யாரும் மணலைக் கீறவில்லை. அந்தப் பாலைவனத்தில் மேலே இருப்பவை இரும்புத் துருவேறிக் கறுத்த சிறு கற்கள். அவற்றைப் பொறுக்கி ஓரமாகக் குவித்தால் அடியிலுள்ள வெளிர்மண் தெரியும்; அதுதான் கோடு. பெரும்பாலும் ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. அதனால் உங்கள் தட்டில் வெளிர்மணல் பரப்பி, மேலே கருங்கல் பொடிசுகளைத் தூவி, கோடு வரும் இடத்தில் மட்டும் அகற்றுங்கள்.

கோணலுக்கு மருந்து முளையும் கயிறும். சில கோடுகளின் முனையில் மரமுளைகள் கிடைத்திருக்கின்றன. 1982இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோ நிக்கலின் குழு இதே எளிய கருவிகளால் சுமார் 134 மீட்டர் பறவையை விமானத்தின் உதவியில்லாமல் வரைந்து காட்டியது. சிறு படத்தில் ஒரு நடுக்கோடு போடுங்கள். அலகு நுனி, இறக்கை முனை ஒவ்வொன்றும் அந்தக் கோட்டில் எங்கே, அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளந்து, தட்டில் அதே மடங்கில் பெருக்கிக் குச்சி நடுங்கள். பிறகு நூலால் இணையுங்கள்.

நிலைத்ததற்கு முதல் காரணம், அங்கே மழை அநேகமாக இல்லை. காற்று உண்டு, ஆனால் வெயிலில் சுடும் கற்களுக்கு மேல் நிற்கும் வெப்பக்காற்று தரையோரத்தில் அதன் வேகத்தைத் தணிக்கிறது. மிதித்தால் மட்டும் தாங்காது. 2014இல் தேன்சிட்டு அருகே போராட்டக்காரர்கள் நடந்த தடம் அப்படியே பதிந்துவிட்டது.