எஸ்எஸ்டியில் அழித்த படங்கள்: பெயர் வருகிறது, படம் ஏன் வரவில்லை?

கேள்வி: லேப்டாப் எஸ்எஸ்டியில் இருந்த 40 ஜிபி படங்களை ஷிஃப்ட்-டெலீட் செய்துவிட்டேன். மீட்பு மென்பொருள் எல்லாப் பெயர்களையும் காட்டி, 'நல்ல நிலை' என்றது. பணம் கட்டி மீட்டேன், ஒரு படமும் திறக்கவில்லை. நான்கு நாளாக வேறு மென்பொருள்களையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கடையில் சிப்பைக் கழற்றி எடுத்துத் தருவதாக முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? பழைய ஹார்டு டிஸ்கில் எல்லாம் திரும்பி வந்ததே?

பதில்: கொடுக்காதீர்கள்.

ஹார்டு டிஸ்கில் அழிப்பது என்றால் 'இந்த இடம் காலி' என்று குறித்து வைப்பது மட்டும்தான். அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை பழைய படம் அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியின் நினைவகத்தில் பழையதன் மேல் நேராக எழுத முடியாது. முதலில் துடைக்க வேண்டும், அதையும் பெரிய பெரிய தொகுதிகளாகத்தான் துடைக்க முடியும். எழுதும் நேரத்தில் துடைக்க உட்கார்ந்தால் வேகம் போய்விடும். ஆகவே எது குப்பை என்று எஸ்எஸ்டிக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அந்தத் தகவல்தான் டிரிம். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல், கோப்பை முழுவதுமாக அழித்ததுமே விண்டோஸ் இதை அனுப்பிவிடுகிறது.

டிரிம் வந்ததும் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் அந்த இடத்துக்கான தொடர்பைத் துண்டித்துவிடும். அதன்பின் அந்த இடத்தைப் படிக்கக் கேட்டால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் வெறும் பூஜ்யங்களைத் தரும். எந்த மென்பொருளும் கன்ட்ரோலரிடம் கேட்டுத்தான் படிக்க முடியும், அதனால் எதை ஓட்டினாலும் இதே பதில்தான். பிறகு ஓய்வு நேரத்தில் கன்ட்ரோலர் உண்மையிலேயே துடைத்துவிடும். அதற்கு மின்சாரம் இருந்தால் போதும். லேப்டாப்பைத் தொடாமல் ஆன் செய்து வைத்திருப்பதும் பாதுகாப்பில்லை.

அப்படியானால் பெயர்கள் எப்படி வந்தன? பெயர், தேதி, அளவு எல்லாம் தனியாக ஓர் அட்டவணையில் இருப்பவை. அது டிரிமில் போவதில்லை. மென்பொருள் அந்த அட்டவணையைப் படித்து, இடம் வேறு கோப்புக்குத் தரப்படவில்லை என்று கண்டு, 'நல்ல நிலை' என்று போடுகிறது. உள்ளே இருப்பது பூஜ்யமா என்று பார்க்க அதற்குச் சில நொடிகள் போதும். பணம் வாங்கும் முன் அதைச் செய்யாத மென்பொருள்களை எப்படி மன்னிப்பது? நீங்களே பவர்ஷெல்லில் பார்த்துவிடலாம். மீட்ட படம் இருக்கும் ஃபோல்டரில், கோப்பின் பெயரை மாற்றிக்கொண்டு இதை அடியுங்கள்:

```
Format-Hex -Path .\IMG_2041.JPG | Select-Object -First 5
```

நல்ல ஜேபெக் படம் FF D8 என்று தொடங்கும். வரிசையாக 00 மட்டுமே வந்தால் உள்ளே படம் இல்லை. நாலைந்து கோப்புகளில் இப்படி வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

'சிப்பைக் கழற்றுகிறோம்' என்பதில் எனக்குக் கோபமே வருகிறது. கன்ட்ரோலர் தரவைக் கலைத்து, பல சிப்புகளில் பிரித்து எழுதுகிறது. பல எஸ்எஸ்டிகள் அதைப் பூட்டியும் வைக்கின்றன, சாவி கன்ட்ரோலரிடம். சிப்பை மட்டும் கழற்றினால் கையில் மிஞ்சுவது புரியாத பிட்டுகள்தான். நல்ல ஆய்வகங்கள் சில வகை எஸ்எஸ்டிகளில் கன்ட்ரோலரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய்ப் பழைய தொடர்புகளைத் தேடும். அழித்த உடனே மின்சாரத்தை நிறுத்தியிருந்தால்தான் அதிலும் வாய்ப்பு. நான்கு நாள் ஓடிய வட்டில் இதை உறுதியாகச் சொல்லி முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதை விளக்கமாகச் சொல்கிறேன். யூஎஸ்பி பெட்டியில் போட்ட வெளி எஸ்எஸ்டி. வட்டுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு பாலச் சிப் இருக்கிறது. பழைய, மலிவான பெட்டிகள் பலவற்றில் அது டிரிமைக் கடத்தாது. அப்படியானால் ஹார்டு டிஸ்க் போலவே பழைய தரவு கிடக்கும், சாதாரண மென்பொருளே மீட்டுவிடும். புதிய பெட்டிகள் கடத்திவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, மேலே சொன்ன 00 சோதனைதான் வழி. லேப்டாப் எஸ்எஸ்டியை இப்போது கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டால் கிடைக்குமா என்றால், கிடைக்காது. டிரிம் அப்போதே போய்விட்டது. இதைச் சொல்லியும் சிலர் காசு பிடுங்குகிறார்கள்.

டிரிம் இயங்குகிறதா என்று பார்க்க:

```
fsutil behavior query DisableDeleteNotify
```

NTFS வரியில் 0 வந்தால் விண்டோஸ் டிரிம் அனுப்புகிறது என்று அர்த்தம். பக்கத்தில் Disabled என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 'அனுப்பாதே' என்ற அமைப்புதான் அணைந்திருக்கிறது. இப்படித் தலைகீழாக எழுதி வைத்தால் சாதாரண ஆள் எப்படிப் புரிந்துகொள்வார்?

சரி, உங்கள் படங்கள் எங்கிருந்து லேப்டாப்புக்கு வந்தன? கேமரா கார்டிலிருந்து என்றால் அந்தக் கார்டை எடுங்கள். கேமராவில் அழித்த படங்கள் பெரும்பாலும் கார்டிலேயே கிடக்கும், மேலே புதிதாக எடுக்காத வரை. இனி அதில் ஒரு படமும் எடுக்காமல், பூட்டுப் பொத்தானைத் தள்ளிவிட்டு, கார்டு முழுவதையும், காலியாகத் தெரியும் இடத்தையும் சேர்த்து, முதலில் ஒரே டிஸ்க் இமேஜ் கோப்பாக வேறு வட்டில் நகலெடுங்கள். மீட்பு மென்பொருளை அந்த நகலில் ஓட்டுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிய மென்பொருளே இதற்குப் போதும்.