விலை தவறு என்று தெரிந்தும் ஏன் யாரும் திருத்துவதில்லை?

கேள்வி: ஒரே வருமானத்தில் பங்குள்ள இரண்டு பங்குகள் வேறு வேறு விலைக்குப் போகின்றன. மலிவானதை வாங்கி, விலை கூடியதை ஷார்ட் செய்தால், அதாவது கடனாக வாங்கி இப்போது விற்று, பின்னால் வாங்கித் திருப்பிக் கொடுத்தால், லாபம் உறுதிதானே? பிறகு ஏன் பெரிய கைகள் இந்த இடைவெளியை விட்டுவைத்திருக்கின்றன? நான் கடன் வாங்கி இறங்கலாமா?

பதில்: கணக்கு சரி, லாபம் உறுதியில்லை. இடைவெளி என்றைக்கு மூடும் என்பதற்குத் தேதி இல்லாதவரை, கடன் வாங்கி இறங்காதீர்கள். காரணத்தைப் புரிந்துகொள்ள ராயல் டச்சு, ஷெல் என்ற இரு எண்ணெய் நிறுவனங்களின் கதையைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

1907-ல் இந்த இரு நிறுவனங்களும் தனித்தனியாக இருந்துகொண்டே தொழிலை ஒன்றாக்கின. வருமானத்தில் ராயல் டச்சுக்கு 60%, ஷெல்லுக்கு 40% என்று ஒப்பந்தம். ஆகவே ராயல் டச்சின் மொத்தச் சந்தை மதிப்பு ஷெல்லினுடையதைப்போல் சரியாக ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த விகிதம் மாறக் காரணமே இல்லை. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் ராயல் டச்சு இந்த விகிதத்துக்கு 30 சதவீதத்துக்கும் மேல் கீழே கிடந்தது. பின்னாளில் அதற்கு மேலே போய் நின்றது. ராயல் டச்சு அமெரிக்க, டச்சுச் சந்தைகளின் போக்கோடும், ஷெல் லண்டன் சந்தையின் போக்கோடும் அசைந்தன. ஒரே எண்ணெய், ஒரே லாபம். வாங்கி விற்கிற கூட்டம்தான் வேறு.

நிறுவனத்தின் மதிப்போடு சம்பந்தமில்லாத காரணங்களுக்காக வாங்கி விற்பவர்களை நிதித்துறையில் நாய்ஸ் டிரேடர்கள் என்பார்கள். அவர்கள் இன்று தவறாக வாங்குகிறார்கள் என்பது உங்களுக்குச் சாதகம். நாளை இன்னும் மோசமாக வாங்கலாம் என்பதுதான் ஆபத்து. 1990-ல் டி லாங், ஷ்லைஃபர், சம்மர்ஸ், வால்ட்மன் ஆகிய நான்கு பொருளியலாளர்களும் காட்டியது இதைத்தான்: நிறுவனத்தின் வருமானத்தில் துளி சந்தேகம் இல்லாவிட்டாலும், குறுகிய காலத்தில் கணக்கு முடிக்க வேண்டியவருக்கு மற்றவர்களின் மனநிலையே ஒரு ரிஸ்க். அந்த ரிஸ்குக்கு அஞ்சி விவரம் தெரிந்தவர்கள் அளவாகத்தான் இறங்குவார்கள். அதனால் தவறான விலை தவறாகவே நிற்கும்.

இனி உங்கள் திட்டத்தையே எண்களில் போட்டுப் பார்ப்போம். ராயல் டச்சு 9% கூடுதல் விலையில் இருக்கிறது என்போம். உங்கள் சொந்தப் பணம் 100. ஷெல்லை 300-க்கு வாங்குகிறீர்கள், ராயல் டச்சை 300-க்கு ஷார்ட் செய்கிறீர்கள். இரு பக்கமும் சேர்ந்த 600-ல் 15% மார்ஜின், அதாவது பிணையாகச் சொந்தப் பணம், வேண்டும் என்று புரோக்கர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 90 போதும், உங்களிடம் 100 இருக்கிறது. இடைவெளி மூடினால், ஷெல் விலை அப்படியே இருக்க ராயல் டச்சு இறங்கி, உங்களுக்கு ஏறக்குறைய 25 லாபம்.

ஆனால் இடைவெளி 9-லிருந்து 12-ஐத் தாண்டியதுமே முதல் மார்ஜின் கால், அதாவது கூடுதல் பிணை கேட்கும் அழைப்பு, வந்துவிடும். அது 22-க்கு ஒரே தாவலாகப் போனால் என்ன ஆகும்? ஷார்ட் செய்த 300 இப்போது 336. நஷ்டம் 36, கையில் 64. மார்ஜினுக்கோ 95 தேவை. மேலே போட உங்களிடம் பணம் இல்லையென்றால், இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாக வேண்டும். பிறகு இடைவெளி முழுதாக மூடினாலும் மிஞ்சிய நிலையிலிருந்து சுமார் 41 தான் திரும்பும். மொத்தம் 105. நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, கிடைத்ததோ 25-க்குப் பதில் 5. ஷார்ட் செய்யக் கடன் வாங்கிய பங்குக்கு ஆண்டுக்கு 1% கட்டணம் என்றாலே, இரண்டு ஆண்டில் அந்த ஐந்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். (விலை குறைந்த ஷெல்லில் டிவிடெண்ட் விகிதம் சற்றுக் கூடுதல் என்பது சிறு ஆறுதல் மட்டுமே.)

கழிப்பது என்றால் என்ன என்பதைக் கவனியுங்கள். விலை கூடிய ராயல் டச்சை நீங்களே வாங்க வேண்டும், மலிவான ஷெல்லை விற்க வேண்டும். அதாவது தவறைத் திருத்த வந்தவரே அதைப் பெரிதாக்குகிறார். உங்களைப்போல் பத்துப் பேர் அதே நிலையில் இருந்தால், ஒருவர் கழிப்பது அடுத்தவருக்கு மார்ஜின் காலாகப் போய்ச் சேரும்.

கடனே வேண்டாம், 100-க்கு வாங்கி 100-க்கு ஷார்ட் செய்வோம் என்றால் பிழைத்துக்கொள்வீர்கள். 22% வரை போனாலும் நஷ்டம் 12 தான், மார்ஜின் காலும் வராது. ஆனால் மூடினால் லாபம் 8 மட்டுமே, அதுவும் எத்தனை ஆண்டு கழித்து என்று தெரியாது. கடன் இல்லாமல் லாபம் போதவில்லை, கடனோடு தாங்கும் சக்தி போதவில்லை. இடைவெளி உயிரோடு இருப்பது இந்த இடுக்கில்தான்.

நான் சொன்ன 9, 22 கற்பனை எண்கள் அல்ல. லாங் டெர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட் நிதியம் 1997-ல் ராயல் டச்சு 8 முதல் 10% கூடுதல் விலையில் இருந்தபோது, இரு பக்கமும் சேர்த்து 230 கோடி டாலருக்கு இதே வேலையைச் செய்தது. 1998-ல் ரஷ்யா கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்ததும் அந்த நிதியத்துக்கு வேறு இடங்களில் பெரிய அடி. பணம் திரட்ட இந்த நிலையையும் கலைக்க வேண்டியதாயிற்று. அப்போது இடைவெளி சுமார் 22%. எண்ணெய் நிறுவனத்தில் எதுவும் நடக்கவில்லை. கலைக்க வேண்டிய தேவை முழுக்க வெளியிலிருந்து வந்தது.

பெரிய கைகளிடம் பணம் இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பணம் பெரும்பாலும் பிறருடையது. ஷ்லைஃபரும் விஷ்னி என்ற இன்னொரு பொருளியலாளரும் 1997-ல் எழுதியது இதைப் பற்றித்தான். முதலீட்டாளருக்குத் தெரிவது நிதியம் நஷ்டத்தில் இருக்கிறது என்பது மட்டுமே. அந்த வாய்ப்பு முன்னைவிட நன்றாகிவிட்டது என்பது தெரியாது. இடைவெளி மிக அகலமாக, லாப வாய்ப்பு மிக அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் அவர் பணத்தைத் திரும்பக் கேட்பார்.

ஆகவே இறங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, இடைவெளியைக் கட்டாயமாக மூடும் நிகழ்வு ஏதாவது உண்டா? ஒரு பங்கை மற்றதாக மாற்றும் உரிமையோ, இணைப்புத் தேதியோ இருந்தால் கதையே வேறு. ராயல் டச்சும் ஷெல்லும் ஒரே நிறுவனமாக இணைந்தது 2005-ல். அதற்கு முன் பல பத்தாண்டுகளில் அப்படி எந்தத் தேதியும் இல்லை.

இரண்டாவது, அளவு. லாபத்திலிருந்து தொடங்காமல், தாங்க வேண்டிய மோசமான இடைவெளியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மேலே சொன்ன 15% மார்ஜினில் 22% வரை எதையும் கழிக்காமல் நிற்க, 100 சொந்தப் பணத்துக்கு ஒரு பக்கம் ஏறக்குறைய 229-க்கு மேல் போகக் கூடாது. அதுவும் புரோக்கர் மார்ஜினை உயர்த்த மாட்டார் என்றால்தான். சந்தை கலங்கும்போது அவர் 20% கேட்டால் அந்த 229 உடனே 184 ஆகிவிடும். கூடவே, கடன் வாங்கிய பங்கை உரியவர் இடையில் திரும்பக் கேட்கலாமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கேட்கலாம் என்றிருந்தால், கடன் வாங்க வேறு பங்கு கிடைக்காத நாளில் நீங்கள் அன்றைய விலைக்கே வாங்கித் திருப்பித் தர வேண்டியிருக்கும். உங்களிடம் மார்ஜின் நிறைய மிச்சம் இருந்தாலும் சரி.