தண்ணி புதுப்பிக்கத்தக்க வளம்னா எங்க கெணறு ஏன் வத்துச்சு?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்களுக்கு 5 ஏக்கர் தென்னை, மொத்தம் 350 மரம். 80 அடி கெணறு வத்திருச்சு, ரெண்டு போர் போட்டோம், ரெண்டாவது 950 அடி, அதுவும் இப்ப அரை மணி நேரம் ஓடுனா காத்து தான் வருது. பொண்ணோட ஸ்கூல் புக்குல தண்ணி புதுப்பிக்கத்தக்க வளம், நிலக்கரி புதுப்பிக்க இயலாததுன்னு போட்டிருக்கு. அப்ப எங்க தண்ணி ஏன் திரும்ப வரல? 1200 அடிக்கு இன்னொரு போர் போடலாமா?

பதில்: போர் போடாதீங்க, ஏன்னு சொல்றேன்.

புக்குல இருக்கறது தப்பில்லைங்க, ஆனா அதுல ரெண்டு தனித்தனி கேள்வி இருக்கு, படிக்கறப்ப ரெண்டும் ஒன்னா குழம்பிடும். உயிருள்ளதுல இருந்து வந்ததா இல்லையாங்கறது ஒரு கேள்வி. எடுத்தா எவ்வளவு நாள்ல திரும்ப வரும்ங்கறது இன்னொன்னு. நெய்வேலி பழுப்பு நிலக்கரியையே எடுத்துக்கோங்க, அது ஒரு காலத்துல மரமா செடியா இருந்தது தான், அதனால பல புக்குல அதை உயிரி வளம்னு தான் சேர்ப்பாங்க, ஆனா அது நிலக்கரி ஆகறதுக்கு கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு, நம்ம காலத்துல திரும்ப வராது. உங்க தென்னையும் உயிரி வளம் தான், ஆனா நெத்து போட்டா மறுபடி மொளைக்கும். தண்ணி உயிரற்ற வளம், ஆனா மழையில திரும்ப வரும். அதனால உயிரி வளம்னாலே புதுப்பிக்கலாம்னு கிடையாது, பாப்பா பரீட்சைக்கும் இதை ஞாபகம் வெச்சுக்கட்டும்.

உங்க பிரச்சனை ரெண்டாவது கேள்வியில தான் இருக்கு. திரும்ப வரும்னா எவ்வளவு வரும்? இதை உங்க தோட்டத்துக்கே கணக்கு போட்டு பாத்துடலாம். வருஷ மழை 600 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம். உங்க பக்கம் கீழ பாறை தான், மேல இருக்கற மக்கிப்போன பாறையும் களிமண்ணும் கலந்த நிலத்துல மழையில 100க்கு சுமாரா 8 பங்கு தான் நிலத்தடிக்கு போகும், மிச்சம் ஆவியாகும், செடி குடிக்கும், ஓடிப்போகும். 600ல 8 சதவீதம் 48 மில்லிமீட்டர். ஒரு ஏக்கருக்கு இது கிட்டத்தட்ட 2 லட்சம் லிட்டர், 5 ஏக்கருக்கு 10 லட்சம் லிட்டர்.

செலவை பாருங்க. மரத்துக்கு ஒரு நாளைக்கு சராசரியா 50 லிட்டர், வருஷத்துல 200 நாள் பாய்ச்சறீங்கன்னா 350 மரத்துக்கு 35 லட்சம் லிட்டர் ஆகுது. வட்டப்பாத்தி கட்டி வாய்க்கால்ல விட்டா இன்னும் ஜாஸ்தி. வரவு 10, செலவு 35. அப்ப அந்த 25 லட்சம் லிட்டர் இத்தனை வருஷம் எங்கிருந்து வந்துச்சு? பழைய இருப்புல இருந்து வந்துச்சுங்க. மேல் பாறையில 20 அடியில இருந்து 80 அடி வரைக்கும் தண்ணி நின்னுச்சுன்னு வெச்சா, அந்த மாதிரி பாறை தன் கன அளவுல 100க்கு 2 பங்கு தண்ணி தான் விட்டுத்தரும், அப்படி பாத்தா 5 ஏக்கருக்கு அடியில மொத்தமே 70 லட்சம் லிட்டர் சொச்சம் தான் இருந்திருக்கும். வருஷம் 25 லட்சம் கூடுதலா எடுத்தா மூணு வருஷத்துக்கு தான் தாங்கும். நல்ல மழை வருஷம் நடுவுல வந்திருக்கும், பக்கத்து தோட்டத்து அடியில இருந்தும் கொஞ்சம் வந்திருக்கும், அதனால சில வருஷம் இழுத்திருக்கும், ஆனா பக்கத்துக்காரரும் மோட்டார் போடறாருல்ல. வெள்ளாமை நெல்லை சாப்பிட்டா அடுத்த போகத்துல திரும்ப வரும், குதிர்ல இருந்த பழைய நெல்லையும் சேத்து சாப்பிட்டா குதிரு காலி, நடந்தது அது தான்.

950 அடியில வந்த தண்ணி பாறை வெடிப்புல நின்னது. கீழ போகப்போக பாறையோட கனத்துல வெடிப்பு இறுகிடும், தண்ணி கிடைக்கற வாய்ப்பும் கொறையும். அப்படியே கிடைச்சாலும் அந்த வெடிப்புக்கு தண்ணி மேல இருந்து தான் இறங்கணும், மேல தான் காலியா இருக்கே. போட்ட புதுசுல நல்லா அடிச்சு அடுத்த கோடைக்குள்ள கொறஞ்சுதுன்னா வெடிப்புல நின்ன பழைய தண்ணி தீந்துச்சுன்னு அர்த்தம். 1200 அடி போரும் அப்படி தான் ஆகும், லட்சக்கணக்குல செலவு பண்ணி ஒரு ரெண்டு வருஷம் வாங்குவீங்க, அவ்வளவு தான்.

லிபியாவுல பாலைவனத்துக்கு அடியில ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி பெஞ்ச மழைத்தண்ணி இருக்கு, அதை பெரிய பெரிய குழாய்ல ஊருக்கு கொண்டு வர்றாங்க. அங்க இப்ப மழையே கிட்டத்தட்ட கிடையாது, அதனால அது தண்ணியா இருந்தாலும் நிலக்கரி மாதிரி தான், எடுத்தா தீரும். உங்களுக்கு அந்த நிலைமை இல்லைங்க, வடகிழக்கு பருவமழை வருது, வரவு இருக்கு, செலவை அதுக்குள்ள கொண்டு வரணும்.

நான் உங்க இடத்துல இருந்தா காய்ப்பு கொறஞ்ச 100 மரத்தை எடுத்துடுவேன். மனசு கேக்காது, தெரியும், ஆனா 350 மரத்தையும் அரைகுறையா காயவிடறதுக்கு 250 மரத்தை நல்லா வெச்சுக்கறது மேல். சொட்டுநீர் போட்டு, மட்டையும் உரிமட்டையும் வேர்ப்பக்கம் மூடாக்கு போட்டா மரத்துக்கு 45 லிட்டர்ல சமாளிக்கலாம், 200 நாளைக்கு 22 லட்சத்து சொச்சம் லிட்டர் வருது. வரவு பக்கம், மழையில ஓடிப்போற தண்ணியை வரப்பு ஒசத்தி கட்டி நிறுத்தி, மண்டியை அடியில படிய விடற குழி வழியா அந்த பழைய கெணத்துக்குள்ளயே விடுங்க. மழையில 10 சதவீதம் அப்படி உள்ள போனா இன்னொரு 12 லட்சம் லிட்டர், பழைய 10ஓட சேத்து 22. கணக்கு அப்பவும் இழுபறி தான், ஏன்னா பிடிச்ச தண்ணி எல்லாமே கீழ இறங்காது, கொஞ்சம் ஆவியா போகும், மழை கொறஞ்ச வருஷமும் வரும். அரசு கணக்குலயே வரவுல 70 சதவீதத்துக்கு மேல எடுத்தா பாதுகாப்பான பகுதின்னு சொல்ல மாட்டாங்க, 100ஐ தாண்டுனா தான் அதிநுகர்வு பகுதி. அதனால மழை பொய்ச்ச வருஷம் பாய்ச்சற நாளையும் கொறைக்க வேண்டி வரும். கலங்கல் தண்ணியை நேரா போர் குழாய்க்குள்ள மட்டும் விட்டுடாதீங்க, வண்டல் வெடிப்பை அடைச்சா அப்புறம் ஒன்னும் பண்ண முடியாது.

இதெல்லாம் வேலை செய்யுதான்னு பாக்க ஒரு கயிறும் கல்லும் போதும். வருஷா வருஷம் ஜனவரியில, பருவமழை முடிஞ்சதும், ராத்திரி முழுக்க மோட்டாரை நிறுத்திட்டு காலையில கெணத்துல தண்ணி மேல் மட்டம் எத்தனை அடியில நிக்குதுன்னு அளந்து சுவத்துல எழுதுங்க, பக்கத்துலயே அந்த வருஷ மழையையும் எழுதுங்க. ஒரு வருஷத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. கிட்டத்தட்ட ஒரே மாதிரி மழை பெஞ்ச ரெண்டு வருஷத்தை ஒப்பிட்டு பாருங்க, பின்னாடி வருஷம் மட்டம் கீழ இருந்தா இன்னும் இருப்பை தான் எடுக்கறீங்க, அப்ப பாய்ச்சறதை இன்னும் கொறைக்கணும். அதே மட்டமோ மேலயோ நின்னா 250 மரத்தை அப்படியே வெச்சுக்கலாம்.