8 ஜிபி சால்டர், ஒரு ஸ்லாட் காலி: வாங்கலாமா?

“லேப்டாப் போர்டிலேயே 8 ஜிபி டிடிஆர்4 ரேம் சால்டர் செய்திருக்கிறது, ஒரு ஸ்லாட் காலி. அப்புறமா 16 ஜிபி போட்டால் டூயல் சேனல் வருமா?”

டூயல் சேனல், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் டேட்டா அனுப்புவது, ஓரளவு வரும். ஸ்லாட்டில் 16 போட்டால் மொத்தம் 24. அதில் இரு பக்கமும் 8, 8 ஆகச் சேரும் 16 ஜிபி டூயல் சேனலில் ஓடும்; மிச்சமுள்ள 8 ஒற்றைச் சேனல்தான். எட்டே போட்டால் முழுசும் டூயல். நிறைய டேப், விர்ச்சுவல் மெஷின் என்று போகிறவராக இருந்தால் நான் 24-ஐத்தான் எடுப்பேன்.

வாங்கின கையோடு ஸ்லாட்டை நிரப்பிவிடுங்கள். 3200 வேக ரேம் ஒற்றைச் சேனலில் நொடிக்கு 25.6 ஜிபிதான் தரும், இரண்டில் 51.2. தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் கேம் ஆடும்போது இது நன்றாகவே தெரியும். ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் உள்ள இன்டெல் சிப் என்றால், ஒற்றைச் சேனலில் டிவைஸ் மேனேஜரே வெறும் `UHD Graphics` என்று காட்டும்.

ரேம் வகை எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் முழுக்க சால்டர். ஸ்லாட் இல்லாவிட்டாலும் பொதுவாக டூயல் சேனல் அளவு அகலத்தில்தான் ஓடும். ஆனால் பிறகு கூட்ட முடியாது, அதனால் அதில் 8 ஜிபி மாடலைத் தொடவே வேண்டாம்.