வரைபடப் பட்டைக்குள் இருக்கும் எண்களை எப்படி எடுப்பது?

கேள்வி: ஐயா, என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். கூலிப் பேச்சுக்கு 2014 முதல் 2023 வரை விளைச்சல் எண்கள் வேண்டும். கம்பெனியின் ஆண்டறிக்கை பிடிஎஃப்பில் பட்டை வரைபடம்தான் இருக்கிறது, அட்டவணை இல்லை. அதன்மேல் எண்ணெய் விலைக்கோடும் ஓடுகிறது. 2016-இல் விளைச்சல் கால்வாசி விழுந்த மாதிரி தெரிகிறது, அது உண்மையா? பட்டணத்தில் ஒரு கடைக்காரர் எக்செல்லாக மாற்றித் தர 300 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பிடிஎஃப்பை எக்செல்லாக்கும் மென்பொருள் எதுவும் பட்டைக்குள் இருக்கும் விளைச்சலைப் படிக்காது. எழுத்தாக இருப்பதை மட்டும்தான் எடுக்கும். உங்கள் படத்தில் எழுத்தாக இருப்பது என்ன? ஓரத்தில் 10, 12, 14 என்று 26 வரை போகும் எண்வரிசையும், கீழே ஆண்டுகளும்தான். அவற்றை வரிசையாக ஒரு எக்செல் தாளில் கொட்டிக் கொடுத்தால் பார்ப்பவருக்கு அட்டவணை போலவே இருக்கும். விஷயம் தெரிந்த கடைக்காரர் என்றால் கண்ணளவில் எதையாவது நிரப்பி, நம்பிக்கை வருவதற்காக இரண்டு தசமமும் சேர்த்துவிடுவார். ஒரு எண்ணை எப்படி எடுத்தார், எந்தப் புள்ளியில் அளந்தார் என்று காட்டாத அட்டவணைக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். அடையாள அட்டை நகல் கேட்டால் அந்தக் கடைக்கே போகாதீர்கள். ஒரு படத்தை அளக்க உங்கள் ஐசி எதற்கு?

அளக்கும் முன் அறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். முன்பக்கத்தில் அழகான படம் போடும் கம்பெனி, பின்னால் புள்ளிவிவரம் என்ற தலைப்பில் சின்ன எழுத்தில் அதே எண்களைப் போட்டிருப்பது உண்டு. அங்கே இல்லை என்றால்தான் அளக்க வேண்டும். அந்த எண்கள் கம்பெனியின் கணினியில் ஒரு தாளில் இருக்கின்றன. அதை வைத்துத்தான் படமே வரைந்தார்கள். பட்டைக்கு மேல் எண்ணைப் போட வடிவமைப்பாளருக்கு ஒரு நிமிட வேலை. அது அழகைக் கெடுக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். குலை வெட்டுகிறவரின் பிள்ளை உட்கார்ந்து பட்டையை அளக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். விண்டோஸில் இருக்கும் பெயிண்ட் போதும். வாட்சப்பில் வந்த படத்தை வைத்து அளக்காதீர்கள், அது அமுக்கப்பட்டு ஓரங்கள் கலங்கியிருக்கும். மூல பிடிஎஃப்பையே கணினியில் திறந்து, வரைபடம் திரை கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். பட்டையின் ஓரம் கத்தியால் வெட்டியது போல நின்றால் நல்லது. எவ்வளவு பெரிதாக்கினாலும் துல்லியம் குறையாது. ஓரம் பஞ்சு போல உதிர்ந்தால் அது ஒட்டப்பட்ட புகைப்படம். அப்போதும் அளக்கலாம், ஆனால் பிழை கூடும்.

திரையில் வரைபடம் முழுதும் தெரியும்போது `Win + Shift + S` அழுத்திப் படம் எடுத்து, பெயிண்டில் ஒட்டுங்கள். படத்தின் அளவை அதற்கப்புறம் மாற்றாதீர்கள். இப்போது சுட்டியைப் படத்தின் மேல் எங்கே வைத்தாலும், அது நிற்கும் இடத்தைப் புள்ளிக் கணக்கில் சொல்லும் இரண்டு எண்கள் கீழே இடது மூலையில் தெரியும். இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டும். அது மேலிருந்து கீழாகக் கூடும். கீழே இருக்கும் கோட்டுக்குப் பெரிய எண், மேலே இருப்பதற்குச் சிறிய எண். இது தலைகீழாகத் தோன்றினாலும் கழித்தலில் சரியாகிவிடும்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தை நான் இப்படித்தான் அளந்தேன். 10 என்று எழுதிய கிடைக்கோடு 912-இல் நிற்கிறது. 26 என்று எழுதியது 208-இல் நிற்கிறது. இடையில் 704 புள்ளிகள், அது 16 டன்னைக் குறிக்கிறது. அப்படியானால் 44 புள்ளிக்கு ஒரு டன். 2015-இன் பட்டை உச்சி 530-இல் இருக்கிறது. 912-இலிருந்து 530-ஐக் கழித்தால் 382, அதை 44-ஆல் வகுத்தால் 8.68. அடிக்கோடே 10 என்பதால் அதைக் கூட்ட வேண்டும்: ஹெக்டருக்கு 18.7 டன். 2016-இன் உச்சி 620-இல் இருக்கிறது. அதே கணக்கில் 16.6 டன். பத்துப் பட்டைகளின் உச்சிகளையும் எக்செல்லில் `B` பத்தியில் எழுதிவிட்டால் ஒரு சூத்திரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்:

```
=10+(912-B2)*(26-10)/(912-208)
```

உங்கள் படத்தில் 912, 208, 530, 620 என்ற நான்கு எண்களும் வேறாக வரும். உங்கள் திரை வேறு, பெரிதாக்கிய அளவு வேறு. சூத்திரத்தில் உங்கள் எண்களைப் போடுங்கள்.

கால்வாசி விழுந்ததா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது பட்டையின் உயரம். அது 382-இலிருந்து 292-ஆகக் குறைந்திருக்கிறது, கால்வாசிதான். ஆனால் பட்டை சுழியத்திலிருந்து கிளம்பவில்லை, 10-இலிருந்து கிளம்புகிறது. அடியில் மறைந்திருக்கும் பத்து டன்னைச் சேர்த்துப் பார்த்தால் 18.7-இலிருந்து 16.6-க்கு இறங்கியிருக்கிறது, அதாவது சுமார் 11 விழுக்காடு. அதே இரண்டு ஆண்டுகளில் நாட்டின் சராசரி விளைச்சல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் கணக்குப்படி 18.48 டன்னிலிருந்து 15.91 டன்னுக்கு இறங்கியது. எல் நினோ வறட்சி நாட்டையே அடித்த நேரம் அது. உங்கள் கம்பெனி அந்தச் சராசரியைவிடக் குறைவாகத்தான் இழந்திருக்கிறது. வெட்டுகிறவர்கள் சரியாக வெட்டவில்லை என்று பேச்சில் யாராவது இந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினால், அடிக்கோட்டில் இருக்கும் 10-ஐ விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள் அப்பாவிடம்.

இனி அந்த விலைக்கோடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் சறுக்கும் இடம் இது. உங்கள் படத்தில் இடது ஓரத்தில் டன், வலது ஓரத்தில் வெள்ளி. கீழே 1,500, மேலே 5,500. பட்டைகள் இடது ஓரத்துக்குச் சொந்தம், கோடு வலது ஓரத்துக்குச் சொந்தம். கோட்டின் மேல் 2022-க்கு உரிய புள்ளி 284-இல் இருக்கிறது. அதைத் தவறுதலாக இடது சூத்திரத்தில் போட்டால் ஹெக்டருக்கு 24.3 டன் என்று வரும். இதுதான் ஆபத்து. 80 டன் என்று வந்தால் யாரும் சிரித்துவிட்டுத் திரும்ப அளப்பார்கள். 24 டன் நல்ல தோட்டத்தில் நடக்கக்கூடியதுதான், அதனால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். 2022-இல் அமோக விளைச்சல் என்று ஊருக்கே சொல்லிவிடுவீர்கள். அந்த ஆண்டின் பட்டையோ அதற்கு வெகு கீழே நிற்கிறது.

எது எந்த ஓரத்துக்கு என்பதை நிறக்குறிப்பைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சில அறிக்கைகளில் `LHS`, `RHS` என்று எழுதியிருப்பார்கள். முதலாவது இடது, இரண்டாவது வலது. எதுவும் எழுதவில்லை என்றால் இரண்டு ஓரத்திலும் வைத்துக் கணக்குப் போட்டு, வெளியே தெரிந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். வலது ஓரத்துக்கான சூத்திரம் இது:

```
=1500+(912-C2)*(5500-1500)/(912-208)
```

284-ஐ இதில் போட்டால் 5,068 வெள்ளி வருகிறது. படத்தின் அடிக்குறிப்பில் இந்தக் கோடு வாரியத்தின் ஆண்டுச் சராசரி விலை என்று எழுதியிருக்கிறது. வாரியம் 2022-க்கு வெளியிட்ட கச்சா செம்பனை எண்ணெய்ச் சராசரி ஒரு டன்னுக்கு 5,087 வெள்ளி 50 காசு. ஆக, கோடு வலது ஓரத்துக்குத்தான் சொந்தம் என்பது உறுதியாகிவிட்டது.

அதோடு இன்னொரு லாபமும் இருக்கிறது. உண்மை எண்ணுக்கும் நாம் அளந்ததற்கும் இடையில் சுமார் 20 வெள்ளி வித்தியாசம். அது மூன்று நான்கு புள்ளிகள்தான், கோட்டின் தடிமனில் அவ்வளவு போய்விடும். அதே மூன்று நான்கு புள்ளிகள் இடது ஓரத்தில் ஏறத்தாழ 0.1 டன். ஆகவே விளைச்சலை ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 16.64 என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை, 16.6 என்று எழுதலாம். மற்ற ஆண்டுகளின் விலைப் புள்ளிகளையும் இதேபோல வாரியத்தின் எண்களோடு ஒப்பிடுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் நூறு வெள்ளிக்கு மேல் விலகினால், அளந்ததைத் திரும்பப் பாருங்கள். திரும்ப அளந்தும் அப்படியே நின்றால், வடிவமைப்பாளர் படத்தைக் கையால் இழுத்து வரைந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த அறிக்கையின் பட்டைகளையும் நம்ப முடியாது, எவ்வளவு கவனமாக அளந்தாலும் சரி.

இந்த ஒப்பீடு கம்பெனியின் ஆண்டு டிசம்பரில் முடிந்தால்தான் பொருந்தும். உங்களுடையது டிசம்பர்தான். கம்பெனி தனக்குக் கிடைத்த விலையைப் போட்டிருந்தாலும் பொருந்தாது.

கையால் அளக்கச் சலிப்பாக இருந்தால் வெப்பிளாட்டிஜிட்டைசர் என்ற கருவி இணையத்தில் இலவசமாக இருக்கிறது, தேட வேண்டிய பெயர் `WebPlotDigitizer`. தெரிந்த கிடைக்கோடுகளைச் சொடுக்கி மதிப்பைச் சொல்லிவிட்டு, உச்சிகளைச் சொடுக்கிக்கொண்டே போகலாம். அதற்கும் எந்த ஓரம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், பட்டைக்கு ஒருமுறை, கோட்டுக்கு ஒருமுறை.

பட்டியலிடப்பட்ட தோட்டக் கம்பெனிகள் மாதாமாதம் உற்பத்தி அளவைப் பங்குச் சந்தையில் அறிவிக்கின்றன. உங்கள் கம்பெனி அப்படிப்பட்டது என்றால், ஓர் ஆண்டின் பன்னிரண்டு மாதக் குலை எடையைக் கூட்டி, அறிக்கையில் உள்ள காய்க்கும் மரங்களின் பரப்பளவால் வகுத்துப் பாருங்கள். நீங்கள் அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும். மொத்தப் பரப்பால் வகுக்காதீர்கள், இளங்கன்று நிற்கும் நிலமும் அதில் சேர்ந்துவிடும்.

கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். பக்க எண்ணைக் குறிப்பிட்டு, அந்த வரைபடத்துக்கான அட்டவணை வேண்டும் என்று இரண்டே வரி. பதில் வருமா என்று காத்திருந்து பேச்சு நாளைத் தவறவிடாதீர்கள்.

அட்டவணையை அப்பாவிடம் கொடுக்கும்போது அதன் அடியில் இப்படி எழுதுங்கள்: “ஆண்டறிக்கையின் இந்தப் பக்க வரைபடத்திலிருந்து அளந்தது, ஏறத்தாழ 0.1 டன் கூடக் குறைய இருக்கலாம். கம்பெனியின் எல்லாத் தோட்டங்களுக்குமான சராசரி.” கடைசி வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். அப்பா வெட்டும் தோட்டத்தின் எண் இந்தப் படத்தில் தனியாக இல்லை. அதைப் பேச்சு மேசையில் நிர்வாகத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.